செத்துக் கிடக்கும் போனுக்கு எந்தச் சார்ஜர்?

பல நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த போனைச் சொருகிவிட்டு ஐந்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒன்றும் வராது. உடனே வேறு கேபிள், வேறு சார்ஜர், அப்புறம் கடை. உண்மையில் முதல் அரை மணி நேரம் திரை கறுப்பாகவே இருப்பது பெரும்பாலும் இயல்புதான்.

பேட்டரி ஏறக்குறைய 3.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் போன் தானாக அணைந்துவிடும். அப்படியே போட்டுவைத்தால் மெல்ல மெல்ல இன்னும் இறங்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்ட பேட்டரியில் சார்ஜிங் சிப் ஒரேயடியாக மின்சாரத்தைத் திணிக்காது. 100 மில்லி ஆம்பியர் அளவில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். திரையை எரியவைக்க அது போதாது. உள்ளே வேலை நடக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

அதனால் எந்தச் சார்ஜர் வேகமானது என்பது இங்கே பொருட்டே இல்லை. எவ்வளவு மின்சாரம் இழுப்பது என்று முடிவு செய்வது போன்தான். 65 வாட் சார்ஜர் போட்டாலும் அதே சொட்டுதான். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு முனையும் சி வகையாக உள்ள கேபிளில், மறுமுனையில் போன் இருக்கிறது என்ற அடையாளம் கிடைத்த பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தை விடும். போனின் துளைக்குள் பஞ்சு அடைத்து அந்த ஒரு பின் தொடாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பலன் இல்லை. பழைய அகலமான யூஎஸ்பி முனை கொண்ட சார்ஜர் எதையும் கேட்பதில்லை. சொருகியதும் 5 வோல்ட் வந்துவிடும். இந்த வேலைக்கு என் ஓட்டு, வீட்டில் எங்கோ கிடக்கும் 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜருக்கே.

லேப்டாப் இரண்டாம்பட்சம். சொட்டு ஏற்ற அதன் சாதாரண யூஎஸ்பி துளை தரும் 500 மில்லி ஆம்பியர் போதும். ஆனால் போன் எழ முயலும்போது அது பற்றாமல், லோகோ வந்து அணைந்து, மறுபடி வந்து அணையும். பவர் பேங்க் வேண்டவே வேண்டாம்: இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால், ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமே நின்றுவிடும். வயர்லெஸ் சார்ஜருக்கு ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு: போனின் துளை பழுது என்று சந்தேகம் வந்தால், கவரைக் கழற்றிவிட்டு அதில் வைத்துப் பார்க்கலாம்.

அத்தையின் போன் ஒரு வாரத்துக்கு மேல் பீரோவில் அணைந்து கிடந்தது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில், போன் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் ஒரு யூஎஸ்பி மீட்டரை மாட்டிப் பார்த்தேன். இருநூறு, முந்நூறு ரூபாய்ச் சாமான்தான், ஆனால் ஊகத்துக்கு இடம் வைக்காது. முதலில் 0.00 ஆம்பியர். கேபிள் முழுசாக உள்ளே போகாமல் லேசாகத் துருத்திக்கொண்டிருந்தது. மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறியதும் துளையிலிருந்து பஞ்சு உருண்டையாக வந்தது. மறுபடி சொருகியதும் 0.08. திரை கறுப்புதான், ஆனால் கவலை போய்விட்டது. இருபது நிமிடம் போல அங்கேயே நின்றது, பிறகு சட்டென்று 0.9-க்குத் தாவியது. சற்று நேரத்தில் பேட்டரி படமும் வந்தது. "வந்துடுச்சே, ஆன் பண்ணுப்பா" என்றார் அத்தை. படம் வந்த உடனே ஆன் செய்யக் கூடாது. எழும்போது போன் நிறைய இழுக்கும், வோல்ட் சரிந்து மறுபடி படுத்துவிடும். பத்து சதவீதம் ஏறட்டும்.

மீட்டர் இல்லாதவர்கள் நேரத்தை வைத்துத்தான் போக வேண்டும். அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். அசைவில்லை என்றால் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்: பல சார்ஜிங் சிப்களில் இந்தச் சொட்டு ஏற்றத்துக்கு நேர வரம்பு உண்டு, கழற்றி மாட்டினால் கணக்கு மறுபடி தொடங்கும். ஒரு மணி நேரம் ஆனதும், கேபிள் மாட்டியபடியே கட்டாய ரீஸ்டார்ட். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவரையும் வால்யூம் குறைப்பதையும் சேர்த்து இருபது விநாடி போல அழுத்த வேண்டும். சில மாடல்களில் பவர் மட்டும் போதும். ஐபோன் 8-லும் அதற்குப் பிந்தியவற்றிலும் வால்யூம் மேல், வால்யூம் கீழ் என ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுப் பக்கப் பட்டனை லோகோ வரும்வரை பிடிக்க வேண்டும். சில நேரம் பேட்டரியில் சார்ஜ் இருக்கும், மென்பொருள்தான் உறைந்திருக்கும். மூன்று மணி நேரம் தாண்டியும் ஒன்றுமில்லை என்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது. பின்மூடியோ திரையோ லேசாகத் தூக்கியிருந்தால் இந்த நேரக் கணக்கு எதுவும் கிடையாது, உடனே கழற்றிவிடுங்கள்.

கடையில் இரண்டு வழி சொல்வார்கள்: பேட்டரியை வெளியே எடுத்து நேரடியாக மின்சாரம் கொடுத்து பூஸ்ட் செய்வது, அல்லது புதிது போடுவது. சில நாள் கிடந்த போனுக்கு பூஸ்ட் போதும். மாதக்கணக்கில் கிடந்து 2 வோல்ட்டுக்கும் கீழே போனதென்றால், உள்ளே செம்பு கரைந்து ஷார்ட் ஆகும் அபாயம் உண்டு. அங்கே புதிய பேட்டரிதான் சரி. எந்த வழியானாலும் படங்களும் தொடர்புகளும் பேட்டரியில் இல்லை, எனவே "ரீசெட் போடாமல் பாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.