பத்து இலட்சமா, ஒரு மில்லியனா? கடிதத்தில் தொகையை எழுத்தில் எழுதும்போது

சம்மாந்துறைப் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். 2025 பெரும்போக அறுவடை முடிந்து, நெல் விற்ற காசைக் கேட்டு ஓர் ஆலைக்கு எழுத வேண்டி வந்தது. தொகை 1,090,450 ரூபா. இலக்கத்தில் சரியாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் எழுத்தில் "ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்து நானூற்று ஐம்பது" என்று எழுதிவிட்டேன். கையொப்பம் வைக்க வந்த தலைவர்தான் பிடித்தார்: "தம்பி, இது ஒரு லெச்சமா, பத்து லெச்சமா?"

தப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நம் இலங்கையில் காற்புள்ளியை மூன்று மூன்று இலக்கமாகப் போடுகிறோம். வாயில் கணக்குச் சொல்வதோ இலட்சத்தில். முதல் காற்புள்ளிக்கு முன்னால் 1 நிற்பதைக் கண்டதும் கை தானாக "ஒரு இலட்சம்" என்று எழுதிவிட்டது. அந்த 1 உண்மையில் ஒரு மில்லியன். இந்தியாவில் இதே தொகையை 10,90,450 என்று எழுதுவார்கள். அங்கே காற்புள்ளியே "பத்து" என்று காட்டிக் கொடுத்துவிடும், இங்கே காட்டாது.

ஆகவே இரண்டு வழி இருக்கிறது. மில்லியனில் எழுதினால் காற்புள்ளியும் சொல்லும் ஒத்துப்போகும்: "ஒரு மில்லியன் தொண்ணூறாயிரத்து நானூற்று ஐம்பது". எழுதுபவருக்கு இதுதான் சுகம். ஆனால் வாசிக்கிற விவசாயியோ ஆலைக் கணக்குப்பிள்ளையோ மனதுக்குள் அதைப் பத்து இலட்சமாக மாற்றித்தான் பார்ப்பார். அந்த மாற்றத்தில் இன்னொரு தப்பு நுழைய இடமுண்டு. மில்லியனில் போட்ட மதிப்பீட்டுப் பத்திரம் இணைப்பாகப் போகும்போது மட்டும் நான் அந்தச் சொல்லை எடுக்கிறேன். மற்ற எல்லாக் கடிதத்துக்கும் இலட்சமே என் தெரிவு. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்கவே கூடாது.

இலட்சத்தில் எழுதுவதற்கு முன் காற்புள்ளிகளை மறந்துவிட்டு, வலப்பக்கமிருந்து முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாகப் பென்சிலால் கோடு போடுங்கள்: 10 | 90 | 450. இனிச் சொல் தானாக வரும். "ரூபா பத்து இலட்சத்துத் தொண்ணூறாயிரத்து நானூற்று ஐம்பது மாத்திரம்." முன்னால் "ரூபா", பின்னால் "மாத்திரம்" நின்றால் இரண்டு பக்கமும் யாரும் ஒரு சொல்லைச் செருக முடியாது. ஒரு இலட்சம் என்றால் "ஒரு" என்பதையும் விடாமல் எழுதுங்கள். வெறும் "இலட்சம்" என்று தொடங்கினால் முன்னால் "பத்து" சேர்க்க இடம் கிடைத்துவிடும். காசோலையில் எழுத்தும் இலக்கமும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்பது சட்டம். கடிதம் காசோலை இல்லைதான், ஆனாலும் வாசிப்பவர்கள் எழுத்தைத்தான் நம்புகிறார்கள்.

சரிபார்ப்பதிலும் இரண்டு வழி. எழுதியவரே திரும்ப வாசிப்பது முதலாவது. அது பெரும்பாலும் வீண். பக்கத்தில் இலக்கம் இருப்பதால் கண் அதைப் பார்த்துக்கொண்டே வாய் சொல்லும். இன்னொருவர் எழுத்தை மட்டும் சத்தமாக வாசிக்க, நீங்கள் இலக்கத்தைப் பாராமல் வேறு தாளில் எழுதி ஒப்பிடுவதுதான் பலன் தரும். ஒன்பதில் மட்டும் காதையும் நம்ப வேண்டாம். தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கும், ஆனால் அது 90. தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் ஒலிக்கும், அது 900. ஒன்பதாயிரம்தான் 9,000. இவை வந்தால் வாசிப்பவரை நிறுத்தி இலக்கமாகவும் சொல்லச் சொல்லுங்கள்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: தொகை பிறந்த கணக்குக்கே திரும்பிப் போவது. எங்கள் நெல் 8,723.6 கிலோ, கிலோ 125 ரூபா. எட்டாயிரம் கிலோவுக்கே பத்து இலட்சம் வந்துவிடுகிறது, மிச்சம் 723.6 கிலோவுக்கு 90,450. ஒரு இலட்சத்துச் சொச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதுவதற்கு முன் இதை மனதில் போட்டுப் பார்த்திருந்தால் தலைவரிடம் அகப்பட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் திகதி. 05.03.2025 என்று எழுதினால் மார்ச் 5 என்றும் கொள்ளலாம், மே 3 என்றும் கொள்ளலாம். அரச கடிதங்களில் வழக்கமான 2025.03.05 அதைவிட நல்லது. "பங்குனி 5" என்று எழுதுவதை நான் விட்டுவிட்டேன். நம் ஊரில் பலர் மார்ச்சைத்தான் பங்குனி என்கிறார்கள். பஞ்சாங்கப்படியோ பங்குனி மார்ச் நடுவில்தான் பிறக்கிறது, இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரம் போய்விடும். பணம் சம்பந்தப்பட்ட கடிதத்தில் "2025 மார்ச் 5ஆம் திகதி புதன்கிழமை" என்று கிழமையோடு எழுதுகிறேன். கலண்டரைப் புரட்டிக் கிழமையைப் பார்த்தால் போதும்: அந்த ஆண்டு மே 3 சனிக்கிழமை.