முடியாத கட்டடத்தில் லாபம் எவ்வளவு: மூன்றில் இரண்டா, மீதிச் செலவா?

மார்ச் 31 அன்று பாதி எழும்பி நிற்கிற கட்டடத்துக்கு எவ்வளவு லாபம் எழுதுவது? இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, ஆர்க்கிடெக்ட் சான்றளித்த வேலையின் மதிப்பை வைத்துப் போடும், பி.காம் படித்தவர்களுக்கு மனப்பாடமான சான்றளித்த வேலைக் கணக்கு. மற்றது, மொத்தச் செலவில் இதுவரை எத்தனை சதவீதம் ஆகியிருக்கிறது என்று பார்க்கும் முறை. வேலை முழுதும் முடிந்த பிறகே லாபம் எழுதலாம் என்ற மூன்றாவது வழியை, 2003 ஏப்ரல் முதல் போட்ட ஒப்பந்தங்களுக்குக் கணக்குத் தரநிலை ஏஎஸ் 7 எடுத்துவிட்டது. சான்றளித்த வேலைக் கணக்கில் வரும் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்ற பின்னங்களும் அந்தத் தரநிலையில் கிடையாது. ஆனாலும் சிறு கான்ட்ராக்டர்களின் உள்கணக்கில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் கணக்குப் பார்க்கும் இடத்தில் சதவீத முறைக்கு மாறிவிட்டோம். ஏன் என்று ஓர் உதாரணக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

இரண்டு கோடி ரூபாய்க்கு எடுத்த ஓர் அடுக்குமாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் பொருள், கூலி, சப்-கான்ட்ராக்ட், சென்ட்ரிங் வாடகை, மெஷின் தேய்மானம் எல்லாம் சேர்த்து சைட்டுக்குப் போனது 122 லட்சம். அதில் 6 லட்சத்துக்குக் கம்பியும் டைல்ஸும் பயன்படுத்தாமல் சைட்டிலேயே கிடக்கின்றன. ஆக, வேலைக்கு ஆன செலவு 116 லட்சம். ஆர்க்கிடெக்ட் சான்றளித்த வேலை 130 லட்சம். கடைசி பில்லுக்குப் பிறகு போட்ட பூச்சு வேலை இன்னும் அளவெடுக்கப்படவில்லை. அதன் செலவு 8 லட்சம். ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் ரிடென்ஷன் பிடித்ததால் 13 லட்சம் உரிமையாளரிடம் நிற்கிறது. கைக்கு வந்தது 117 லட்சம்.

சான்றளித்த வேலைக் கணக்குப்படி 130-ஐயும் 8-ஐயும் கூட்டி 116-ஐக் கழித்தால் 22 லட்சம் கருத்தியல் லாபம். வேலை பாதியைத் தாண்டிவிட்டதால் அதில் மூன்றில் இரண்டு பங்கு. அதையும், சான்றளித்ததில் எத்தனை பங்கு பணமாக வந்ததோ அந்த விகிதத்தால், அதாவது 0.9-ஆல் பெருக்க வேண்டும். விடை 13.2 லட்சம். மிச்சம் 8.8 லட்சம் ஒதுக்காக நிற்கும். கால் பங்குகூட முடியாத வேலைக்கு லாபமே எழுதக் கூடாது, காலுக்கும் பாதிக்கும் இடையே என்றால் மூன்றில் ஒரு பங்கு என்பவை இதன் மற்ற விதிகள்.

எச்சரிக்கையான கணக்கு என்றுதான் இதற்குப் பெயர். ஆனால் அந்த எச்சரிக்கை முழுக்க நடந்து முடிந்ததைப் பற்றியது. இனி எவ்வளவு செலவாகும் என்ற கேள்வியே இந்தச் சூத்திரத்தில் இல்லை. நான் மாறச் சொன்னதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கட்டட வேலையில் லாபம் சீராக வருவதில்லை. அஸ்திவாரம், தூண், ஸ்லாப் வரைக்கும் ரேட்டைச் சற்றுத் தூக்கியே போடுவது வழக்கம். போட்ட பணம் சீக்கிரம் திரும்பும் என்பதற்காக. டைல்ஸ், பெயிண்டிங், பிளம்பிங், எலெக்ட்ரிகல் என்று வரும்போது ரேட் செலவை ஒட்டித்தான் நிற்கும். அதனால் 65 சதவீதம் சான்றளித்த நிலையில் தெரியும் 22 லட்சத்தில் ஒரு பகுதி, ஃபினிஷிங் வேலை திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிற பணம்.

சதவீத முறையில் மீதி வேலைக்கு என்ன ஆகும் என்று கேட்டாக வேண்டும். சைட் இன்ஜினியரோடு உட்கார்ந்து, மீதி அளவுகளை இன்றைய விலையில் போட்டால் 70 லட்சம் வருகிறது. மொத்தச் செலவு 186 லட்சம், எதிர்பார்க்கும் லாபம் 14 லட்சம். 116-ஐ 186-ஆல் வகுத்தால் வேலை 62.4 சதவீதம். லாபம் சுமார் 8.7 லட்சம், வருவாய் 124.7 லட்சம். சான்றளித்த பில் 130 லட்சம் என்பதால், செய்த வேலைக்கு மேல் 5.3 லட்சம் பில் போட்டிருக்கிறோம் என்று தெரிகிறது. அது ஐந்தொகையில் பொறுப்புப் பக்கத்தில் நிற்கும். பழைய கணக்கு அதைத்தான் லாபத்துக்குள் கலந்துவிடுகிறது.

இப்போது மீதிச் செலவு 70 அல்ல, 90 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 206, ஒப்பந்தமே 6 லட்சம் நஷ்டம். ஏஎஸ் 7 அந்த 6 லட்சத்தையும் உடனே எழுதச் சொல்கிறது. சான்றளித்த வேலைக் கணக்கோ அப்போதும் அதே 13.2 லட்சம் லாபத்தைக் காட்டும். முதலாளி அதை நம்பி அடுத்த சைட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்.

ரிடென்ஷன் விஷயத்தில் பழைய முறைக்கு ஒரு நியாயம் உண்டு: வராத பணத்தின் லாபத்தை எழுதாதே என்கிறது. ஆனால் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் வரவேண்டிய ரிடென்ஷனையும், தகராறில் நிற்கும் பில்லையும் அது ஒரே விகிதத்தில் போட்டு வெட்டுகிறது. சதவீத முறை ரிடென்ஷனை வருவாயில் சேர்க்கிறது. அந்தக் காலத்தில் வரும் மொட்டைமாடி ஒழுகல், குளியலறைக் கசிவு ரிப்பேரை மீதிச் செலவில் ஏற்ற வேண்டும். மேலே சொன்ன 70 லட்சத்தில் அதுவும் அடக்கம்.

இதன் கசப்பு வருமான வரியில் தெரியும். ரிடென்ஷன் வருவாயில் சேர வேண்டும் என்ற வருமானக் கணக்கீட்டு விதியை 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2018 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43சிபி பிரிவைக் கொண்டுவந்து அந்த விதியைச் சட்டமாகவே ஆக்கியது. நம் கட்டடத்தில் முழு ரிடென்ஷன் 20 லட்சம், முழு லாபம் 14 லட்சம். வர வேண்டிய லாபத்தைவிட உரிமையாளரிடம் நிற்கும் பணம் அதிகம். வரியோ முன்னதாகவே போகும். இன்னொன்று, வரிக்கு எதிர்கால நஷ்டத்தை முழுதாகக் கழிக்க முடியாது. ஆன சதவீதத்துக்கு மட்டும்தான். மேலே சொன்ன 6 லட்சத்தில் சுமார் 3.4 லட்சம். ஆகவே வரிக்குத் தனிக் கணக்கு வைத்தே ஆக வேண்டும். வரவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தையே லாபமாகக் கொண்டு உத்தேச வரி கட்டும் சிறு மேஸ்திரிகளுக்கு இந்தத் தலைவலி இல்லை.

சதவீத முறையின் பலவீனம் மதிப்பீடுதான். ஒவ்வொரு ரன்னிங் பில்லுக்கும் அதைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு வெறும் ஆசையாகிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், மொத்தச் செலவு மதிப்பீடு டெண்டர் போட்டபோது இருந்த தொகையிலேயே அசையாமல் நின்றால் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை என்று அர்த்தம். செலவுச் சதவீதம் 62 என்று சொல்லும்போது இன்ஜினியர் கண்ணால் பார்த்து 52 என்றால், கம்பி வாங்கிக் குவித்ததையோ சப்-கான்ட்ராக்டருக்குக் கொடுத்த அட்வான்ஸையோ செலவில் சேர்த்திருப்பீர்கள். இரண்டும் சதவீதக் கணக்குக்குள் வரக் கூடாதவை.

என் அனுபவம் தனியார் குடியிருப்புக் கட்டடங்களோடு சரி. விலையேற்றப் பிரிவும் கிளெய்ம் வழக்குகளும் உள்ள சாலை, பால வேலைகளில் மீதிச் செலவை இவ்வளவு தைரியமாகச் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அஸ்திவாரத்தோடு நிற்கிற சைட்டுக்கும் நாங்கள் லாபம் எழுதுவதில்லை. ஆன செலவு அளவுக்கே வருவாய் காட்டுகிறோம். கால் பங்கு முடியாதவரை லாபம் வேண்டாம் என்ற இடத்தில் இரண்டு முறையும் ஏறத்தாழ ஒன்றாகவே பேசுகின்றன.