கொட்டேஷன் கேட்க வெறும் மின்னஞ்சலா, நிரப்பித் தரும் படிவமா?

மூன்று சப்ளையர்களிடம் விலை கேட்பது எளிது. வந்த மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதில்தான் சிக்கல். நடைமுறையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. "இந்தப் பொருளுக்கு உங்கள் விலையை அனுப்புங்கள்" என்று எழுதிவிட்டு அவரவர் லெட்டர்ஹெட்டில் வருவதை வாங்கிக்கொள்வது ஒன்று. பொருளின் அளவு, தரம் சொல்லும் ஸ்பெக்கையும் காலியான விலைப் படிவத்தையும் அனுப்பி, அதையே நிரப்பித் தரச் சொல்வது இன்னொன்று.

அச்சிட்ட ஐந்து பிளை, அதாவது ஐந்து அடுக்கு, அட்டைப்பெட்டி 2,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் அளவை 400 × 300 × 250 மி.மீ. என்று மட்டும் எழுதினால், ஒருவர் அதை உள்ளளவாக எடுத்துக்கொள்வார், மற்றவர் வெளியளவாக. ஐந்து பிளை அட்டையின் தடிமன் சுமார் 7 மி.மீ. வெளியளவாகக் கணக்கிட்டவரின் பெட்டிக்குள் 386 மி.மீ. நீளம்தான் கிடைக்கும். அவருக்கு அட்டையும் குறைவாகத்தான் செலவாகும், அதனால் விலையும் குறைவாகத் தெரியும். 395 மி.மீ. பொருளை உள்ளே வைக்கும்போதுதான் விஷயம் வெளிவரும்.

ஸ்பெக் ஒன்றாகவே இருந்தாலும் விலையின் அடிப்படை மாறிவிடும். முதல் வழியில் இப்படி இரண்டு பதில்கள் வரலாம்:

அ: பெட்டி ஒன்றுக்கு 40. அச்சு பிளேட் 6,000 தனி, லாரி வாடகை 5,000 தனி. முழுத்தொகையும் அட்வான்ஸ். 15 நாளில் டெலிவரி.

ஆ: பெட்டி ஒன்றுக்கு 44. பிளேட், வாடகை எல்லாம் அடக்கம். 15 நாளில் டெலிவரி. அதிலிருந்து 30 நாள் கிரெடிட்.

(இரண்டும் வரி நீங்கலாக. பணம் எந்த நாட்டு நாணயமானாலும் கணக்கு ஒன்றே.)

ஒற்றை விலையை மட்டும் பார்த்தால் அ மலிவு. மொத்தம் போட்டால் அ 80,000 + 6,000 + 5,000 = 91,000, ஆ 88,000. அ-வுக்குப் பணம் 45 நாள் முன்னதாகவே போகிறது. ஆண்டுக்கு 12% வட்டி என்றால் அது 1.5%, அதாவது 1,365. ஆக அ 92,365. முதல் ஆர்டரில் ஆ-தான் லாபம்.

ஆனால் பிளேட் ஒருமுறைச் செலவு. அடுத்த ஆர்டரில் அ 85,000, வட்டியோடு 86,275. ஆ தன் 44-ஐக் குறைக்காவிட்டால் மறுபடியும் 88,000. இப்படியே போனால் நான்காவது ஆர்டரில் மொத்தக் கணக்கில் அ முந்திவிடும். ஆ-வின் 44-க்குள் பிளேட்டுக்கு எவ்வளவு என்று தெரியாததால் பேரம் பேசவும் பிடி கிடைக்காது. "எல்லாம் அடக்கம்" என்ற விலை வாங்குபவருக்கு வசதி போலத் தோன்றினாலும், திரும்பத் திரும்ப வாங்கும் பொருளில் விற்பவருக்குத்தான் வசதி.

இரண்டாவது வழியில் இந்த அலசலே தேவைப்படாது. படிவத்தில் பெட்டி விலை, பிளேட், இடம் சேர்க்கும் செலவு, வரி ஆகியவை தனித்தனி வரிசைகளாக இருக்கும். அளவுக்கு எதிரே "உள்ளளவு" என்று எழுதியிருக்கும். டெலிவரி இடமும் பணம் தரும் கெடுவும் நாமே நிரப்பியவை. சப்ளையர் போட வேண்டியது எண்களை மட்டும். பிளேட் யாருக்குச் சொந்தம் என்பதற்கும் ஒரு வரிசை வையுங்கள். சப்ளையரை மாற்றும் நாளில் அது உதவும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. படிவம் கடுமையாக இருந்தால், நல்ல யோசனை உள்ள சப்ளையர் வாயைத் திறக்க மாட்டார். மூன்று பிளையே போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆகவே கடைசியில் "மாற்று யோசனை" என்று ஒரு பகுதி விட்டு, கேட்டதற்கு விலை போட்டவர் மட்டுமே அதை நிரப்பலாம் என்று எழுதுங்கள். மாற்று விலையை ஒப்பீட்டில் கலக்கக்கூடாது. யோசனை பிடித்திருந்தால் ஸ்பெக்கையே திருத்தி எல்லோருக்கும் மறுபடி அனுப்புவதுதான் முறை. அதற்கு முன் யோசனை சொன்னவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

படிவம் சரியாக இருந்தும் ஒப்பீடு கெடுவது பெரும்பாலும் தொலைபேசியில்தான். ஒருவர் கூப்பிட்டு "எத்தனை கலர் அச்சு?" என்று கேட்பார், "ஒன்று" என்று சொல்லிவிடுவோம். மற்றவர்கள் இரண்டு கலருக்கு விலை போட்டிருப்பார்கள். கேள்வி யாரிடமிருந்து வந்தாலும் பதிலை எழுத்தில், கேட்டவர் பெயரில்லாமல், அதே நாளில் எல்லோருக்கும் அனுப்புங்கள். பதில் விலையை மாற்றக்கூடியது என்றால் விலை அனுப்பும் கெடுவையும் எல்லோருக்கும் ஒரே அளவு நீட்டுங்கள்.

ஒரே ஒருமுறை, கையளவு தொகைக்கு வாங்குவதென்றால் முதல் வழியே போதும். படிவத்தால் வரும் லாபம் அதைத் தயாரிக்கும் நேரத்துக்குக்கூட ஈடாகாது. அப்போதும் உள்ளளவா வெளியளவா, எந்த இடத்தில் டெலிவரி, வரி சேர்த்தா சேர்க்காமலா என்ற மூன்றையும் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.