ஏழு மாசக் குழந்தைக்கு எது சரி: மூஞ்சிய மறைக்கிறதா, பொம்மைய ஒளிக்கிறதா?

ரெண்டும் ஒரே ஆட்டம்னுதான் பல பேர் நினைக்கிறோம், ஆனா குழந்தைக்கு ரெண்டுலயும் வேலை வேற வேற. மூஞ்சிய மறைச்சு "அம்மா எங்க? காணோமே... இந்தா!"ன்னு சொல்றப்ப அது எதையும் தேடி எடுக்க வேணாம், காத்திருந்தா போதும். 1989ல பாரட், க்ளைட்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 6, 7, 8 மாசக் குழந்தைகள்கிட்ட இத ஆடிப் பாத்தாங்க, நடுநடுவுல ஆள மாத்தி வேற ஒருத்தர் எட்டிப் பாத்தாலோ, அதே ஆள் வேற இடத்துல இருந்து வந்தாலோ சிரிப்பு குறைஞ்சுது. அப்ப யாரு வருவாங்க, எங்க வருவாங்கன்னு அது ஏற்கனவே எதிர்பாத்துட்டுதான இருக்கு!

பொம்மைய துணிக்கு அடியில முழுசா மூடினா கதை வேற. கிலுகிலுப்பைய எடுக்கப் போன கை பாதியில நின்னுடும், பார்வை ஃபேன் பக்கம் போயிடும். கைக்குத் தெம்பில்லன்னு நினைக்காதீங்க. 1997ல யூகோ முனகாட்டாவோட ஆராய்ச்சிக் குழு 7 மாசக் குழந்தைகளுக்கு, துண்ட இழுத்தா அது மேல இருக்குற பொம்மை கிட்ட வரும்னு பழக்கிட்டு நடுவுல ஒரு மறைப்பு வச்சாங்க, ஊடே தெரியுற மறைப்புன்னா நல்லாவே இழுத்துச்சுங்க, தெரியாத மறைப்புன்னா அந்த அளவுக்கு இழுக்கல. அதாவது இழுக்கத் தெரியும், கண்ணுல படாதத மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டு கைய அனுப்புறதுதான் இன்னும் கஷ்டம்.

அதனால என் ஓட்டு மூஞ்சி ஆட்டத்துக்குத்தான், பொம்மைன்னா பாதி மூடினது. கிலுகிலுப்பைய ஆட்டிக் காட்டி, கை நீட்டுறப்ப கைக்குட்டைய மேல போடுங்க, கைப்பிடி வெளிய தெரியட்டும். அத சுலபமா எடுத்துட்டா நுனி மட்டும் தெரியுற மாதிரி மூடுங்க, அப்புறம் ஊடே தெரியுற வலைத்துணி, கடைசியாதான் முழு மறைப்பு. முழுசா மூடிட்டு ரெண்டு செகண்டுல முகம் திரும்பிடுச்சுன்னா ஒரு படி கீழ இறங்கிடுங்க. துணிய இழுத்ததும் "கண்டுபிடிச்சுட்டான்"னு கைதட்டிடாதீங்க, இழுத்தப்புறம் கண்ணு பொம்மைக்குப் போகுதா இல்ல துணிய வாயில வைக்கிறானான்னு பாருங்க, ரெண்டாவதுன்னா அவனுக்கு வேண்டியது துணிதான் (பாதி நேரம் அதான் நடக்கும்).

டம்ளர கவுத்து ஒளிக்கிறது இப்ப வேணாம், துணின்னா அடியில ஒரு மேடாவது தெரியும், டம்ளர்ல அதுவும் இல்ல, போதாததுக்கு தூக்கணும் வேற. ரெண்டு துணி வச்சு மாத்தி மாத்தி ஒளிக்கிறதும் அப்படித்தான், முழுசா மூடினத எடுக்கப் பழகின குழந்தைங்களே 8, 9 மாசத்துல முன்னாடி பொம்மைய ஒளிச்சிருந்த துணியத்தான் போய் இழுக்கும்.

குழந்தை மூஞ்சி மேலயே துணி போட்டு ஆடுறதுன்னா மெல்லிசுத் துணி, நீங்க பக்கத்துலயே இருக்கணும், அதுவா இழுக்கலன்னா உடனே நீங்க எடுத்துடணும். பிளாஸ்டிக் கவர் கிட்டவே வரக்கூடாது.