கன்று ரென்னட்டா, பூஞ்சை ரென்னட்டா, நொதித்தல் கைமோசினா? சைவ சீஸுக்கு எது சரி

பாலைச் சீஸாக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சூடான பாலில் அல்லது கிரீமில் அமிலம் சேர்த்துத் திரிய விடுவது. மாஸ்கர்போனே இப்படித்தான் வருகிறது. அதற்கு ரென்னட்டே வேண்டாம். மற்றது, ரென்னட் எனப்படும் நொதியைக் கொண்டு பாலை உறைய வைப்பது. செடார், கௌடா, பார்மிஜானோ என முதிர வைக்கிற கெட்டிச் சீஸ்கள் பெரும்பாலும் இந்த வகை. அந்த நொதி எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே சீஸ் சைவமா இல்லையா என்பது முடிவாகிறது.

பாலில் கேசீன் என்ற புரதம் சிறு சிறு உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டையின் மேற்பரப்பில் கப்பா கேசீன் மெல்லிய மயிர்போல நீட்டிக்கொண்டிருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ரென்னட்டில் உள்ள கைமோசின் அந்த மயிரை ஒரே ஓர் இடத்தில் வெட்டுகிறது. வெட்டியதும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு, பால் முழுவதும் ஒரு கட்டியாக நிற்கிறது. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தின்னாத கன்றின் நான்காம் இரைப்பையில் கைமோசின் நிறைய இருக்கும். உயிருள்ள கன்றிடமிருந்து அதை எடுக்க முடியாது. அறுத்த கன்றின் இரைப்பையைக் காயவைத்து, உப்புநீரில் ஊறவைத்துத்தான் எடுக்கிறார்கள். சேர்த்த ரென்னட்டில் பெரும்பகுதி வே எனப்படும் மஞ்சள் தண்ணீரோடு வெளியேறினாலும், கொஞ்சம் கட்டியிலேயே தங்கி, சீஸ் முதிரும் காலமெல்லாம் வேலை செய்கிறது. அதனால் "தயாரிப்பில்தான் பயன்படுகிறது, சீஸில் இல்லை" என்ற வாதம் நிற்காது.

சைவ உணவுக்காரர் முன்னால் இருக்கும் மாற்றுகள் மூன்று: பூஞ்சை நொதி, நொதித்தல் வழிக் கைமோசின், முட்செடிப் பூ. என் தேர்வு நொதித்தல் கைமோசின். கன்றின் கைமோசின் மரபணுவைப் பூஞ்சை அல்லது ஈஸ்ட்டில் சேர்த்து, தொட்டியில் வளர்த்து, அது சுரக்கும் நொதியை வடிகட்டிச் சுத்தப்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் 1990இல் அனுமதி கிடைத்தது. கிடைப்பது கன்றின் இரைப்பையில் இருக்கும் அதே கைமோசின். ஆனால் எந்தக் கன்றையும் அறுக்க வேண்டியதில்லை. மரபணு மாற்றத் தொழில்நுட்பமே வேண்டாம் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்குப் பூஞ்சை நொதியோ முட்செடிப் பூவோதான் வழி.

எனக்குத் தீர்மானமான காரணம் கசப்பு. பாலை உறைய வைக்கும் எல்லா நொதிகளும் புரதத்தை வெட்டுபவைதான். கேள்வி, வெட்ட வேண்டிய இடத்தோடு நிறுத்துகிறதா என்பது. கைமோசின் கப்பா கேசீனைக் குறிபார்த்து வெட்டும். மற்றப் புரதங்களில் மெதுவாகத்தான் கைவைக்கும். *ரைசோமூக்கர் மீஹெய்* என்ற பூஞ்சையின் நொதி உறைய வைப்பதில் குறைந்ததில்லை, ஆனால் கண்ட இடத்திலும் வெட்டும். அப்படி உடைந்து வரும் சில புரதத் துண்டுகள்தான் நாக்கில் கசக்கின்றன. ஒரு மாதத்துக்குள் தின்னும் மொசரெல்லாவில் இது தெரியாது. ஆறு மாதம், ஒரு வருடம் வைக்கும் செடாரில் கட்டியில் தங்கிய நொதி வெட்டிக்கொண்டே இருப்பதால் கசப்பு ஏறும். விளைச்சலிலும் இழப்பு உண்டு: அதிகப்படியாக உடைந்த புரதம் வேயோடு போய்விடும். ஆகவே இளம் சீஸுக்குப் பூஞ்சை நொதி தாராளமாகப் போதும். முதிர வைப்பதென்றால் கைமோசின். ஒட்டகக் கைமோசினும் நொதித்தல் வழியில் விற்கிறார்கள். அது இன்னும் குறிபார்த்து வெட்டுவதால் கசப்பு மிகக் குறைவு, ஆனால் சீஸ் இளகுவதும் தாமதமாகும்.

எந்த நொதியானாலும் அளவு மிஞ்சினால் கசக்கும். 10 லிட்டர் பாலில் செடார் செய்வதாக வைத்துக்கொள்வோம். புட்டியில் வலிமை ஐஎம்சியு என்ற அலகில் அச்சிட்டிருக்கும். லிட்டருக்குச் சுமார் 40 அலகு என்றால் மொத்தம் 400. மில்லிக்கு 200 அலகுள்ள திரவமானால் 2 மில்லி போதும். அதைக் குளோரின் இல்லாத குளிர்ந்த நீர் 60 மில்லியில் கடைசி நேரத்தில் கலக்க வேண்டும். குளோரின் நொதியைக் கொன்றுவிடும். பால் 32 டிகிரியில் இருக்கும்போது ஊற்றி, ஒரு நிமிடம் மெல்லக் கலக்கி, பிறகு ஆடாமல் விட வேண்டும். மேலே ஒரு சிறு கிண்ணத்தை மிதக்கவிட்டு அவ்வப்போது லேசாகச் சுழற்றிப் பாருங்கள். சுழல மறுக்கும் நொடிதான் பால் உறையத் தொடங்கும் நொடி. அது 12ஆம் நிமிடம் வந்தால், செடாருக்கு மூன்றால் பெருக்கி 36ஆம் நிமிடத்தில் கட்டியை வெட்டலாம். 6 நிமிடத்திலேயே நின்றுவிட்டால் ரென்னட் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். அந்த சீஸை நீண்ட நாள் வைக்காதீர்கள். 20 நிமிடம் தாண்டினால் பெரும்பாலும் புட்டி பழையது, அல்லது பதப்படுத்திய பாலில் கால்சியம் குளோரைடு சேர்க்க மறந்திருக்கும். மிகுவெப்பத்தில் பதப்படுத்திப் பெட்டியில் வரும் பால் எந்த ரென்னட்டுக்கும் சரியாக உறையாது.

முட்செடிப் பூவைப் பற்றி மேலோட்டமாகத்தான் சொல்ல முடியும். கார்டூன் என்ற செடியின் ஊதாப் பூவிழைகளை ஊறவைத்த நீர் செம்மறியாட்டுப் பாலை நன்றாக உறைய வைக்கும். போர்ச்சுகலின் செர்ரா ட எஸ்ட்ரெலா சீஸ் அப்படி வருவதுதான். உள்ளே கூழாக இளகும் தன்மை அந்த நொதியால் வருகிறது. பசும்பாலில் கசப்பு சீக்கிரம் தலைகாட்டும். பூவுக்குப் பூ வலிமை மாறுவதால் இத்தனை கிராம் என்று ஒரே அளவு தர வழியில்லை.

கடையில் வாங்குபவருக்குப் பெயரே பாதி விடை. பார்மிஜானோ ரெஜ்ஜானோவின் விதிமுறை கன்று ரென்னட்டை மட்டுமே அனுமதிக்கிறது. பெக்கோரினோ ரொமானோவுக்குச் செம்மறியாட்டுக்குட்டி ரென்னட். இவற்றில் சைவ வகை என்று ஒன்று கிடையாது. கிரானா படானோவில் கன்று ரென்னட்டோடு பெரும்பாலும் முட்டை வெள்ளையிலிருந்து எடுத்த லைசோசைமும் சேர்கிறது. செடார், கௌடா, மொசரெல்லா போன்றவற்றில் கன்று ரென்னட் போட்டதும் உண்டு, சைவமானதும் உண்டு, பொட்டலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். "என்சைம்" என்று மட்டும் போட்டிருந்தால் அதிலிருந்து எதையும் முடிவு கட்ட முடியாது. "மைக்ரோபியல்" என்றிருந்தால் பூஞ்சை நொதியாகவும் இருக்கலாம், கைமோசினாகவும் இருக்கலாம். சைவத்துக்கு இரண்டும் சரி. ரிக்கோட்டா அமிலத்தில் திரிவதுதான் என்றாலும், மரபுப்படி வேறு சீஸின் வேயிலிருந்து செய்வது. அந்தச் சீஸுக்குக் கன்று ரென்னட் போட்டிருந்தால் வேயிலும் அது இருக்கும்.

ரென்னட்டைச் சரிபார்த்தவர்களும் தவறவிடும் பொருள் லைபேஸ் என்ற கொழுப்பை உடைக்கும் நொதி. புரொவொலோனே, ரொமானோ வகைகளின் காரமான மணத்துக்காகச் சேர்க்கும் இந்தத் தூள் வழக்கமாக ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் நாக்கடிச் சுரப்பிப் பகுதியிலிருந்து வருகிறது. வீட்டில் செய்பவர்கள் புட்டியில் விலங்கின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பூஞ்சை லைபேஸும் கிடைக்கிறது, ஆனால் மணம் அதே மாதிரி வராது.