'வருஷம் முழுக்க வேலிடிட்டி' என்று விற்கும் சீனியர் சிட்டிசன் பிளான்: பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர் செல்போன் கடையில் ஒரு பிளானை மூத்த குடிமக்களுக்கான சலுகை என்று சொல்லி விற்றார்கள். "டீச்சர், ஆயிரத்து இருநூறு போடுங்க, ஒரு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார் கடைக்காரர். வயதுச் சான்றாக ஆதார் நகலும் வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் போன் நன்றாகவே பேசியது. அப்புறம் ஒருநாள் என் தங்கையைக் கூப்பிட்டால், போதுமான இருப்பு இல்லை என்ற பதிவுக் குரல்தான் வந்தது. வருகிற அழைப்பு வந்தது, வங்கி ஓடிபியும் வந்தது. நான் யாரையும் கூப்பிட மட்டும் முடியவில்லை.

வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் சொன்ன பதில்: "மேடம், பிளான் வேலிடிட்டி 365 நாள். இலவச கால், டேட்டா 60 நாள்தான்." அதாவது எண் ஒரு வருடம் உயிரோடு இருக்கும். பேசுவதற்கான பலன் முதல் 60 நாளோடு முடிந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு அழைப்புக்கும் மெயின் பேலன்ஸில் பணம் வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு ரீசார்ஜ். ரூ.1,200-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றரை ரூபாய்கூட இல்லை, மலிவுதான். 60-ஆல் வகுத்தால் நாளுக்கு 20 ரூபாய். கடையில் முதல் கணக்கை மட்டும்தான் சொன்னார்கள். வருமானம் என்று ஓய்வூதியம் ஒன்றே உள்ளவர்களிடம் இப்படி விற்பது அநியாயம்.

போனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. அதனால் எழுத்தில் கேட்டேன். நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதத்தின் முக்கியப் பகுதியைக் கீழே தருகிறேன். உங்களுக்கும் இதே சிக்கல் என்றால் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

"ஐயா, வணக்கம். தங்கள் மூத்த குடிமக்கள் பிளானில் இருக்கும் வாடிக்கையாளர் நான். கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்துமூலம் பதில் வேண்டுகிறேன்.

இந்த பிளானில் எண்ணின் வேலிடிட்டி எந்தத் தேதி வரை, அழைப்புப் பலன் எந்தத் தேதி வரை? இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடவும். பலன் முடிந்த பின் ஒரு நிமிடப் பேச்சுக்கு என்ன கட்டணம்?

நடுவில் வேறு பிளான் போட்டால் மீதமிருக்கும் நாட்கள் தொடருமா, அழிந்துவிடுமா? பழைய பிளானை மாற்றாமல் பேச்சுக்கு மட்டும் போடக்கூடிய ரீசார்ஜ் எது?

வயதுச் சான்று வாங்கிக்கொண்டு தரும் சலுகை எது? மற்ற வாடிக்கையாளர்களுக்கு இதே பலன் என்ன விலைக்குக் கிடைக்கிறது?

90 நாள் பயன்படுத்தாமல் இருந்தால்தான் எண்ணைத் துண்டிக்கலாம், பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணை வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. பிளான் காலம் முடிந்த எண்ணையும் அப்படித்தான் நடத்துவீர்களா?"

நடுவில் வேறு பிளான் போடுவது பற்றிய கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பலன் முடிந்த பதற்றத்தில் கடைக்குப் போனால், கையில் கிடைத்த 28 நாள் பிளானைப் போட்டுவிடுவார்கள். அது முழு பிளானாக இருந்தால் பழையதை மாற்றிவிடக்கூடும், மிச்சமிருந்த பத்து மாதமும் போய்விடும். இருக்கிற பிளானின் மேல் சேரும் சிறப்புக் கட்டண வவுச்சர் அப்படி மாற்றாது. டேட்டா வேண்டாதவர்களுக்காகப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள வவுச்சரைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அதற்கு 365 நாள் வரை வேலிடிட்டி வைக்கவும் அனுமதி உண்டு. கடையில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. மூத்த குடிமக்களுக்கு இவ்வளவு தள்ளுபடி தர வேண்டும் என்று செல்போன் நிறுவனங்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. விலையை அவர்களே வைத்துக்கொள்ளலாம், டிராய்க்குத் தெரிவித்தால் போதும். அதனால் 'சீனியர்' என்ற பெயரை வைத்து நம்பாமல், அதே தொகைக்குப் பொதுவாக விற்கும் பிளானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். tariff.trai.gov.in தளத்தில் எல்லா நிறுவனங்களின் கட்டணங்களும் இருக்கின்றன. ரீசார்ஜ் செய்ததும் வரும் எஸ்எம்எஸ்ஸையும் அழிக்காதீர்கள். எனக்கு வந்ததில் கடைசி வரியில் 60 நாள் என்று இருந்தது, கடைக்காரர் வாயிலிருந்து அது வரவே இல்லை.

என் கடிதத்துக்கு வந்த பதில், "தங்கள் பிளான் செயலில் உள்ளது" என்ற ஒரு வரிதான். கேட்ட எதற்கும் விடை இல்லை. புகார் எண் கையில் இருப்பதால் அடுத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். இதை 30 நாளுக்குள் செய்ய வேண்டும், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டிலும் சரியான பதில் வராவிட்டால் தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர் பிரிவுக்குப் போவேன்.