கடைவாய்ப் புண்ணுக்கு பி கொம்ப்ளெக்ஸா, பூஞ்சைக் கிறீமா?

எங்கள் பக்கத்தில் கடைவாய் வெடித்தால் வைத்தியரிடம் போக முன்னமே வைத்தியம் கிடைத்துவிடும். "உது விற்றமின் குறைவு, பி கொம்ப்ளெக்ஸ் ஒரு அட்டை வாங்கிப் போடுங்கோ" என்று சந்தையில் மரக்கறி விற்கிறவரே சொல்லுவார். அம்மாவுக்கு இரண்டு கடைவாயும் வெடித்தபோது நான் மற்றப் பக்கம் சாய்ந்தேன். கடைவாயை உலர வைப்பது, பூஞ்சைக்குரிய கிறீம் பூசுவது, அவவின் கட்டுப்பல்லைப் பார்ப்பது என்பதுதான் அந்தப் பக்கம். வயது போனவர்கள் உள்ள வீட்டுக்கு இதைத்தான் இப்போதும் சொல்லுவேன்.

உதடு மட்டும் வெடிக்கிறதென்றால் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சோளகம் பேர்ந்தால் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெளிகளில் வயலுக்குப் போய் வருகிற எல்லாருக்கும் அது வரும். உதட்டை நக்க நக்க எச்சில் காய்ந்து, முன்பிருந்ததைவிட அதிகமாக வறளும். வாசமில்லாத வசலீன் போதும். குளிர்ச்சியாக விறுவிறுக்கிற, மென்தோல் கலந்த பூச்சு வகைகள் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும்.

கடைவாய் வேறு கதை. முதலில் குளிசையின் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பி2, அதாவது ரைபோஃபிளேவின் குறைந்தால் கடைவாய் வெடிப்பது உண்மை. பால், தயிர், முட்டை, ஈரல், கீரை எதுவும் சேராமல் தீட்டின அரிசிச் சோற்றோடு காலம் போனால் அது குறையலாம். அப்படிக் குறைந்தால் கடைவாயோடு நிற்காது. நாக்கும் சிவந்து நோகும், மூக்கோரத் தோலும் செதிள் விடும். குளிசை போட்டால் ஒன்றிரண்டு கிழமைக்குள் மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அது காரணமில்லை என்று விட்டுவிடலாம். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவதைப் பார்த்து "மருந்து பிடிக்குது" என்று சந்தோசப்படுகிறவர்கள் உண்டு. உடம்புக்கு மிஞ்சின பி2 வெளியே போகிறது என்பதுதான் அந்த மஞ்சளின் அர்த்தம்.

அம்மாவின் கடைவாயைக் கிட்டப் போய், ரோச் அடித்துப் பார்த்தேன். கடைவாயிலிருந்து நாடிப் பக்கம் இறங்குகிற ஒரு மடிப்பு. அந்த மடிப்புக்குள் எப்போதும் ஈரம். விரித்தால் உள்தோல், நெடுநேரம் உடுப்புத் தோய்த்த கைவிரல்போல வெள்ளையாக ஊறிக் கிடந்தது, சுற்றிவர சிவப்பு. மேல் கட்டுப்பல்லைக் கழற்றச் சொன்னால், அண்ணத்தில் அந்தத் தட்டு இருந்த இடம் மட்டும் அச்சுப் பதித்ததுபோலச் சிவந்திருந்தது. நோவில்லாததால் அவ அதைக் கவனிக்கவில்லை.

அந்தச் சிவப்பு அண்ணம் பூஞ்சையின் அடையாளம். கன்டிடா என்ற பூஞ்சை கட்டுப்பல்லின் அடியில் குடியிருக்கிறது. எச்சிலோடு அது கடைவாய்க்கு வருகிறது. அங்கே ஊறின தோல் அதற்கு வாகாகக் கிடைக்கிறது. சிலவேளை ஸ்ரபிலோகொக்கஸ் பக்டீரியாவும் சேரும். அப்போது தேன்நிறத்தில் பொருக்குக் கட்டும். அதற்குக் கிறீம் வேறு, வைத்தியர் பார்த்துத் தர வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது மைகொனசோல் 2 சதவீதக் கிறீம். வெள்ளைத் துணியால் கடைவாயை ஒற்றி ஈரம் எடுத்து, மெல்லிசாகக் காலையும் இரவும் பூசினோம். அது ஊறின பிறகுதான் மேலே வசலீன், எச்சில் தோலில் படாமலிருக்க. ஈரத்தின்மேல் வசலீனைப் பூசினால் ஈரத்தை உள்ளே மூடிவைத்த மாதிரி ஆகிவிடும். புண் காய்ந்த பிறகும் சில நாள் பூச வேண்டும். மொத்தம் இரண்டு கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் மைகொனசோலைத் தொட வேண்டாம், அந்த மருந்தின் வேகத்தை அது கூட்டிவிடும். பாமசியில் சிலர் கேட்டு வாங்குகிற வெறும் ஸ்ரெரொயிட் கிறீமும் வேண்டாம். சிவப்பு உடனே இறங்கும், பூஞ்சை அடியில் வளரும்.

இரண்டு வழியையும் உண்மையில் பிரிப்பது திரும்பி வருகிறதா என்ற கேள்வி. புண்ணைக் கிறீம் ஆற்றும், மடிப்பை ஆற்றாது. பல் போன முரசின் எலும்பு வருசா வருசம் தேய்கிறது; கட்டுப்பல்லும் தேய்கிறது. வாயை மூடும்போது நாடி மூக்கை நோக்கி ஏறி வருகிறது, கன்னம் தளர்ந்து கடைவாய் கீழே தொங்குகிறது, மடிப்பு விழுகிறது, எச்சில் வடிந்து தேங்குகிறது. இதில் விற்றமினுக்கு வேலையே இல்லை. அம்மாவின் கட்டுப்பல் சண்டைக்குப் பிறகு, மீளக் குடியேறின காலத்தில் கட்டினது. பல்லின் மேடுகளெல்லாம் தேய்ந்து மட்டமாகிவிட்டன. பல் வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, புதிதாகக் கட்டினால்தான் வாயின் உயரம் திரும்பும் என்றார்.

புதுப்பல் வரும்வரை பராமரிப்புத்தான். இரவில் கழற்றிவிட வேண்டும். அம்மா இதற்குத்தான் அதிகம் எதிர்ப்புக் காட்டினா, "பேரப்பிள்ளையள் பார்த்துச் சிரிக்குங்கள்" என்று. மெல்லிய பிரஷும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, சாதாரண தண்ணீரில் ஊறவிட வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் பல் நெளிந்துவிடும். கடைவாயில் மட்டும் பூசி, கட்டுப்பல்லையும் அண்ணத்தையும் விட்டுவிட்டால், அடுத்த மாதமே பூஞ்சை அங்கிருந்து இறங்கி வரும்.

அதற்காகச் சத்துக் குறைவே இல்லை என்று சொல்லவில்லை. தங்கச்சியின் மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள். காலையில் பணிசும் வெறுந்தேத்தண்ணியும். அவளுக்கும் இரண்டு கடைவாயும் வெடித்தது, ஆனால் மடிப்பும் இல்லை, ஈரமும் இல்லை. நாக்கு வழுவழுவென்று இருந்தது, படி ஏறினால் இளைப்பு, அதோடு பச்சையரிசி மெல்லுகிற ஆசை. இந்த ஆசை இரும்புச்சத்துக் குறைவில் வருகிற ஒன்று. பி கொம்ப்ளெக்ஸ் அட்டைகளில் பொதுவாக இரும்பு கிடையாது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இரத்தச் சோதனையில் ஈமோகுளோபின் குறைவு என்று வந்த பிறகு இரும்புக் குளிசை தொடங்கினார்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்தும் குளிசையிலிருந்தும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிவைக்கச் சொன்னார்கள். இரத்தம் சரியான பிறகும் சேமிப்பு நிறைய இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டுமாம்.

சீனி வருத்தக்காரருக்கு இரண்டு பக்கமும் பொருந்தும். இரத்தத்தில் சீனி கூடினால் பூஞ்சை வாகாக வளரும். மெற்போமின் பல வருடம் எடுத்தால் பி12 குறையலாம். கடைவாய் அடிக்கடி வெடித்தால் கிளினிக்கில் இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். வீணீர் வடிகிற சின்னப் பிள்ளைகள் விசயத்தில் என் அனுபவம் குறைவு. துடைத்து உலர வைத்து வசலீன் பூசுவதற்கு மேல் ஒன்றும் நானாகச் சொல்லமாட்டேன்.

வெற்றிலை போடுகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு பட்டும் கடைவாய் பொங்கும், அது விட்டால் ஆறிவிடும். ஒரு பக்கத்தில் மட்டும் வந்து, அடி தடித்து, மூன்று கிழமை தாண்டியும் ஆறாத புண்ணென்றால் குளிசையையும் கிறீமையும் வைத்துவிட்டு, வாய்ப்புற்று இல்லையா என்று பார்க்க ஆஸ்பத்திரிப் பல் பகுதிக்குப் போக வேண்டும்.